மாவட்ட ஒதுக்கீடு இருக்கும்போது ரியூசனில் என்ன அநியாயம்?

கேள்வி: மாவட்ட ஒதுக்கீடுதான் இருக்கிறதே, காசு கட்டி ஏ.எல். ரியூசன் போவதில் என்ன அநியாயம்?

ரியூசன் போகும் பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் போட்டி நியாயமாக இல்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம், பொறியியலுக்கு 40 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமைப் பட்டியலில் போகின்றன. 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில். மிச்ச 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் திருகோணமலையும் உண்டு. ஆனால் இவை பார்ப்பது மாவட்டத்தை, வீட்டை அல்ல.

திருகோணமலை மாவட்டத்தின் ஈச்சிலம்பற்றில் கணிதப் பிரிவு படிக்கும் ஒரு பிள்ளையை எடுங்கள். பள்ளியில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை என்றால் டவுன் வகுப்புதான் வழி. மாதக் கட்டணத்தோடு பஸ் காசும் சேரும். பின்னேர வகுப்பு முடிய ஊருக்கு பஸ் கிடைக்காது, அப்புறம் தங்க இடமும் தேட வேண்டும். டவுன் பிள்ளையோ தியரி முடித்து, பேப்பர் கிளாஸும் செய்துவிட்டு வருகிறது. இருவரையும் ஒரே மாவட்டப் பட்டியலில் இசட் புள்ளிதான் வரிசைப்படுத்துகிறது.

ரியூசனைத் தடை செய்தால் வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே ஆசிரியரைக் கூப்பிடுவார்கள். முதலில் மூதூர், வெருகல் பள்ளிகளில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணித ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பாடத்திட்டம் வகுப்பிலேயே முடிந்தால், ரியூசன் விரும்பினால் போகும் ஒன்றாகிவிடும்.