ஆபீஸ் வேலையும் ஆரி வேலையும்: வாரத்துக்கு ஒரு மாற்று

"ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், 9.30 முதல் 6 வரை வேலை. மாலையில் கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து தருகிறேன். நேரம் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் வந்தால் அது குலைந்துபோகிறது, அப்புறம் இரவு 1 மணி வரை உட்கார வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?"

ஒதுக்கிய நேரம் தவறினால் அது எங்கே போகும் என்று நீங்கள் முடிவு செய்யவில்லை. அதனால்தான் அது தூக்கத்தில் போய் விழுகிறது.

முதலில் நேரத்தைச் சில பெரிய துண்டுகளாக வையுங்கள். துணியை ஃபிரேமில் இழுத்துக் கட்டி, டிசைனைப் பதித்து, கை ஓட்டம் வருவதற்கே அரை மணி போய்விடும். தினமும் முக்கால் மணி உட்கார்வதில் பாதி வீண். செவ்வாயும் வியாழனும் 7.30 முதல் 9.30 வரை, ஞாயிறு காலை 9 முதல் 1 வரை என்றால் வாரத்துக்கு 8 மணி நேரம் கிடைக்கும். இதோடு சனி மாலை 5 முதல் 7 வரை காலியாக விடுங்கள். அதில் எந்த ஆர்டரையும் எழுதக் கூடாது. அதுதான் உங்கள் மாற்று நேரம்.

விதி இதுதான். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்று. தவறிய 2 மணி நேரம் அந்தச் சனிக்கிழமைக்குப் போகும், அடுத்த வாரத்துக்குப் போகாது. ஆபீஸ் நேரத்தோடு எதையும் மாற்றக் கூடாது. வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோக்களுக்குக்கூட 6 மணிக்கு மேல்தான் பதில்.

உங்கள் நெருக்கடி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனம் என்றால் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20. ஞாயிறு இரவு காலண்டரைப் பாருங்கள். 20ஆம் தேதி வியாழனில் வந்தால், அப்போதே அந்த வேலையைச் சனிக்கு எழுதிவிடுங்கள். செவ்வாயும் சேர்ந்து போய்விட்டால் அந்த 2 மணி நேரம் போனதுதான். அன்றைக்கே வாடிக்கையாளரை அழைத்துப் புதிய தேதி சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இதற்கு ஆர்டரையும் மணிக்கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியாகச் செய்த மணப்பெண் பிளவுஸுக்கு 20 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 8 மணி நேரக் கணக்கில் அது இரண்டரை வாரம். தையல்காரருக்கு ஒரு வாரம் விடுங்கள். அப்படியானால் முகூர்த்தத்துக்கு நான்கு வாரமாவது இருந்தால்தான் அட்வான்ஸ் வாங்கலாம், அதுவும் கையில் வேறு பிளவுஸ் இல்லாதபோது.

சனிக்கிழமையைத் தொட்ட வாரங்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நான்கு வாரத்தில் மூன்று வட்டம் விழுந்தால், எந்த நாள் அடிக்கடி தவறுகிறதோ அந்த நாளையே மாற்றுங்கள். வியாழன்தான் தவறுகிறது என்றால் அதைப் புதனுக்கு நிரந்தரமாகக் கொண்டுபோங்கள். அப்படியும் வட்டம் குறையவில்லையென்றால் ஆர்டர் அதிகம். தை, வைகாசி முகூர்த்த மாதங்களில் ஒரு பிளவுஸ் குறைவாக எடுங்கள்.

இன்னொன்று, உங்கள் நியமனக் கடிதத்தில் வெளி வருமானம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.