ரூபாய் விழும்போது திர்ஹாமைப் பிடித்து வைக்கலாமா?

"வீட்டுக்காரர் துபாயில். மாதம் 2,000 திர்ஹாம் அனுப்புவார். முந்திரி எக்ஸ்போர்ட்காரர்களே டாலரை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், நீங்களும் பொறுங்கள் என்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் பேங்க் ரேட்டைவிட 40 பைசா கூடுதல் தருவதாகச் சொல்கிறார். நகையை வைத்து 2 லட்சம் கடன் உண்டு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. என்ன செய்ய?" — வாசகி, கருங்கல்

பொறுக்க வேண்டாம் அம்மா. கடன் தீரும்வரை மாதாமாதம் வரட்டும்.

1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று துபாயில் நிலையாக வைத்திருக்கிறார்கள். அதனால் டாலர் ஏறும் அதே அளவுக்குத் திர்ஹாமும் ஏறும். டாலர் 85 ரூபாயாக இருந்தால் உங்கள் 2,000 திர்ஹாமுக்குச் சுமார் 46,300 ரூபாய். 90 ஆனால் சுமார் 49,000. நல்ல லாபம்தான். ஆனால் அந்த 49,000-ஐ ஒரு மாதம் நிறுத்தினால், அடைத்திருக்க வேண்டிய கடனுக்கு 490 ரூபாய் வட்டி போகிறது. அதை ஈடுகட்டவே டாலர் ஒரே மாதத்தில் 90-லிருந்து 90.90-க்கு ஏற வேண்டும். ஏதோ ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் இறங்கும். வட்டி இறங்காது.

முந்திரிக்காரர் கதை வேறு. பருப்பு விற்று டாலர் வாங்கும் அவரே, ஆப்பிரிக்காவிலிருந்து ஓட்டோடு வரும் முந்திரிக்கொட்டையான தோட்டண்டிக்கு டாலரில்தான் பணம் கட்டுகிறார். வாங்கிய டாலரை அதற்கென்று வைத்திருப்பார். தோட்டண்டியை இறக்குமதி செய்து பருப்பை உள்ளூரில் மட்டும் விற்பவருக்கோ அடிதான்: 85-ல் கணக்குப் போட்டு வாங்கி, மூன்று மாதத் தவணை முடியும்போது 90 கொடுக்கிறார்.

இனி அந்த ஏஜென்ட். 40 பைசா என்றால் 2,000 திர்ஹாமுக்கு 800 ரூபாய். அவர் திர்ஹாமை அங்கே வாங்கிக்கொண்டு, இங்கே யாரோ ஒருவர் கணக்கிலிருந்து உங்களுக்குப் போட்டுவிடுவார். இது ஹவாலா என்கிற குழல்பணம், சட்டத்துக்குப் புறம்பானது. அப்புறம், அந்த 'யாரோ' ஆன்லைன் மோசடிக்காரனாக இருந்தால், பணத்தை இழந்தவர் வடநாட்டில் புகார் கொடுத்த உடனே உங்கள் கணக்கு முடங்கும். பேங்கில் கேட்டால் அந்த ஊர் போலீசிடம் கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள். மொழி தெரியாத ஊருக்கு ஒரு பெண் எப்படிப் போவாள் என்று அந்தக் கவுண்டரில் ஒருவரும் யோசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகன் பீஸ் கட்ட வைத்திருந்த பணத்தையும் சேர்த்து மாதக்கணக்கில் எடுக்க முடியாமல் அலைந்தார்.

முறையாக அனுப்பும் இடங்களிலும் 'கட்டணம் இல்லை' என்ற போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டணத்தை ரேட்டுக்குள் ஒளித்திருப்பார்கள். "2,000 திர்ஹாம் கொடுத்தால் ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரே நாளில் மூன்று இடத்தில் கேட்கட்டும்.

டாலரோடு சேர்ந்து ஏறும் என்ற இந்தக் கணக்குக்கு வளைகுடா நாடுகளில் ஒன்று மட்டும் விலக்கு: குவைத். அந்த தினார் 2007 முதல் டாலரோடு மட்டும் இல்லை, பல நாணயங்களின் கலவையோடு நகர்கிறது. டாலர் ஏறிய அளவுக்கே தினாரும் ஏறும் என்று சொல்ல முடியாது. குவைத்தில் ஆள் இருக்கும் அக்கம்பக்கத்தார் திர்ஹாம் கணக்கை வைத்து மனக்கோட்டை கட்டாமல், அன்றைய தினார் ரேட்டையே கேட்க வேண்டும்.