டாலர் இண்டெக்ஸ் ஏறியும் தங்கம் ஏன் இறங்கவில்லை?

"கோத்தகிரி பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். டாலர் இண்டெக்ஸ் ஏறினால் தங்கம் இறங்கும், அப்போது நகை வாங்கலாம் என்று தெரிந்த புரோக்கர் ஒருவர் நிறுத்தி வைத்தார். இரண்டும் சேர்ந்தே ஏறுகிறது. தங்க வியாபாரத்தில் மினி லாட் ஒன்று போட்டால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார். என்ன செய்ய?"

மினி லாட் வேண்டவே வேண்டாம். நகைக்கும் அந்த இண்டெக்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள்.

பெயரைக் கேட்டால் டாலரை உலகத்துப் பணம் எல்லாவற்றோடும் எடை போடுகிறார்கள் என்று தோன்றும். அப்படியில்லை. தேயிலையில் பிளெண்ட் போடுவார்களே, அந்த மாதிரி ஆறு வகைப் பணத்தின் கலவையோடு மட்டும் டாலரை எடை போடுவது இது. பாதிக்கு மேல், 57.6 சதவீதம், யூரோ மட்டும். ஜப்பான் யென் 13.6, இங்கிலாந்து பவுண்டு 11.9, கனடா டாலர் 9.1. ஸ்வீடன், சுவிட்சர்லாந்து பணம் மீதி. 1973 மார்ச்சில் 100 என்று வைத்துத் தொடங்கியது. 1999ல் யூரோ வந்தபோது கலவையை ஒரே ஒரு முறை மாற்றினார்கள். சீனாவின் யுவான் இன்றுவரை கிடையாது, நம் ரூபாயும் கிடையாது. தங்கத்தை அதிகம் வாங்கும் இரண்டு நாடுகளும் இல்லாத ஒரு கணக்கை வைத்துத்தான் நம் ஊர்ச் செய்திகளில் தினமும் 'டாலர் வலுத்தது, தங்கம் சரிந்தது' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர் அந்தக் கலவையை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம்.

ஆக, டாலர் ஒன்றும் செய்யாமலே யூரோ விழுந்தாலும் இண்டெக்ஸ் ஏறும். 2010ல் நடந்தது அதுதான். கிரீஸ் கடனைக் கட்டுமா என்ற பயத்தில், ஜனவரியில் 1.43 டாலர் இருந்த யூரோ ஜூனில் 1.20ஐ ஒட்டி வந்துவிட்டது. மற்ற ஐந்தும் அசையவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், யூரோவின் பங்குக்கு மட்டும் இண்டெக்ஸ் 10 சதவீதம் போலக் கூடும். 78ல் இருந்தது 86க்கு வந்துவிடும். 'சூத்திரப்படி' தங்கம் சரிந்திருக்க வேண்டும். ஆனால் சுமார் 1,100 டாலர் இருந்த அவுன்ஸ் 1,200ஐத் தாண்டியது. யூரோவை விட்டு ஓடியவர்களில் பாதிப் பேர் டாலருக்குப் போனார்கள், பாதிப் பேர் தங்கத்துக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பயம் இரண்டையும் தூக்கியது.

2022ல் நடந்தது வேறு. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக ஏற்றியது. அங்கே டெபாசிட்டில் வட்டி வரும்போது, வட்டியே தராத தங்கத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்? இண்டெக்ஸ் செப்டம்பரில் 114ஐத் தொட்டது, மார்ச்சில் 2,000 டாலரைத் தாண்டியிருந்த தங்கம் 1,650க்கும் கீழே இறங்கியது. இண்டெக்ஸ் ஏறியதா என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எதனால் ஏறியது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க வட்டியும் கூடவே ஏறினால் தங்கம் பெரும்பாலும் இறங்கும். பயத்தால் ஏறினால் பல நேரம் இறங்காது.

2024ல் இண்டெக்ஸ் 7 சதவீதமும் தங்கம் 27 சதவீதமும் ஏறின. ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்பை 2022ல் முடக்கியதைப் பார்த்த பல நாட்டு மத்திய வங்கிகள், வருடத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கிக் குவித்தன. அவர்கள் இண்டெக்ஸைப் பார்த்து வாங்குகிறவர்கள் இல்லை.

அப்புறம் உங்கள் கணக்கு. இண்டெக்ஸ் ஏறும்போது பெரும்பாலும் ரூபாயும் விழும். வெளியே தங்கம் 3 சதவீதம் குறைந்து, ரூபாய்க்கு டாலர் விலை 2 சதவீதம் கூடினால், குன்னூர் கடையில் உங்களுக்குக் குறைவது 1 சதவீதம்தான். அந்த ஒன்றுக்காகவா இத்தனை மாதம் காத்திருந்தீர்கள்? தேவையான பவுனை மூன்றாகப் பிரித்து, இலைப் பணம் வரும் மாதங்களில் வாங்குங்கள்.

இனி அந்த மினி லாட். 100 கிராம் தங்கத்தின் விலை ஏறுமா இறங்குமா என்று போடும் ஒப்பந்தம் அது. கிராமுக்கு 100 ரூபாய் எதிராகப் போனால் 10,000 ரூபாய் போச்சு. அதுவாவது எக்ஸ்சேஞ்சில் நடக்கிற வியாபாரம். இந்த மலையில் சுற்றுகிற சிலர் அதைக்கூடச் செய்வதில்லை. பணத்தைக் கையில் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்வார்கள், இதுதான் டப்பா டிரேடிங். எக்ஸ்சேஞ்சில் ஒரு கிராம்கூட வாங்கியிருக்க மாட்டார்கள், நீங்கள் தோற்பதே அவர்கள் வருமானம். என்னிடம் வந்த ஒருவர் இப்படி இரண்டு வருட இலைப் பணத்தை விட்டுவிட்டு, புகார் கொடுக்கப் போன இடத்தில் 'ரசீது எங்கே?' என்ற கேள்வியோடு திரும்பினார். ரசீது தருகிறவனிடம் பணத்தைக் கொடுத்திருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்!

உங்கள் புரோக்கரிடம், வியாபாரம் நடந்ததற்கு ரசீதாகத் தரும் காண்ட்ராக்ட் நோட்டைக் கேளுங்கள். நிஜமான வியாபாரம் என்றால் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும், எக்ஸ்சேஞ்சிலிருந்து போனுக்கு எஸ்எம்எஸ்ஸும் வரும். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். 'கையில கொடுங்க, நான் பாத்துக்கறேன்' என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.