14 மணித்தியாலக் கணக்கு

அன்புள்ள ரீச்சர்,

நான் வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். உயிரியல் பிரிவில் முதல் தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறேன். இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. பாடசாலை, ரியூசன் போக, வார நாட்களில் நான்கு மணித்தியாலமும் சனி, ஞாயிறில் ஆறு மணித்தியாலமும் படிப்பதென்று அட்டவணை போட்டிருந்தேன். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு தோழி தினமும் 14 மணித்தியாலம் படிப்பதாகச் சொல்கிறாள். இன்னொருத்தி அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி மேசையைப் படமெடுத்துப் போடுகிறாள். டிக்டொக்கைத் திறந்தாலும் நாள் முழுக்கப் படிப்பவர்களின் காணொளிகள்தான் வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு அட்டவணையை மாற்றி எழுதுகிறேன். இரண்டு நாளில் அதுவும் குழம்பிவிடுகிறது. நான் போட்ட திட்டம் போதாதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் உங்கள் தோழியின் முறையில் உங்களுடைய நாளையே எண்ணிப் பார்ப்போம். பாடசாலை காலை ஏழரையில் இருந்து ஒன்றரை வரை, ஆறு மணித்தியாலம். ரியூசன் வகுப்பு மூன்று மணித்தியாலம் என்று வைப்போம். வீட்டில் நீங்கள் படிப்பது நான்கு. மொத்தம் 13. அவர் 14 என்று எழுதுகிறார், நீங்கள் 4 என்று எழுதுகிறீர்கள். இருவருக்கும் இடையில் உண்மையில் இருப்பது ஒரு மணித்தியாலமாகக்கூட இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. எதை எண்ணுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். வகுப்பில் இருந்ததை எண்ணுகிறாரா, பஸ்ஸில் ரியூட்டைப் புரட்டியதை எண்ணுகிறாரா, மேசையில் புத்தகம் விரிந்திருந்த நேரத்தை எண்ணுகிறாரா? பாடசாலை நேரத்துக்கு வெளியே மட்டும் 14 என்றால் பாடசாலையோடு சேர்த்து 20. மிஞ்சும் நான்கு மணித்தியாலத்துக்குள் நித்திரை, குளிப்பு, சாப்பாடு, கொழும்பு வாகன நெரிசல் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் எந்தப் பிள்ளையாலும் அது முடியாது.

காணொளிகளில் சிக்கல் வேறு. பத்து மணித்தியாலத்தை ஒரு நிமிடத்துக்குச் சுருக்கிக் காட்டும்போது ஓடுகிற பேனாவும் புரளுகிற தாள்களும் நிறம் தீட்டிய குறிப்புகளும் கண்ணுக்குத் தெரியும். ஒரு சமநிலைக் கணக்கோடு கால் மணித்தியாலம் மல்லுக்கட்டி, அடித்து, திரும்ப எழுதிய பிள்ளை காணொளியில் சும்மா இருப்பது போலத்தான் தெரிவாள். ஆனால் படிப்பில் பெரும்பங்கு அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் நடக்கிறது.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு ஒரு பந்தியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள்: 83 வீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: படித்தவர்கள் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61. நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் நான்கு தடவை படித்தவர்களே. ஆகவே ‘இன்று நிறையப் படித்தேன்’ என்ற திருப்தியை வைத்து, அது உங்களுடையதாக இருந்தாலும் தோழியுடையதாக இருந்தாலும், எதையும் அளக்க முடியாது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? நான் பல வருடங்கள் கற்பித்த இரசாயனவியலையே எடுக்கிறேன். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. என்னிடம் படித்த ஒரு மாணவி கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் பிடித்துச் செய்து 27 சரியாக எடுத்தாள். வீட்டில் எல்லோரும் ‘இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டிப் படி’ என்றார்கள். நான் தவறிய 23 வினாக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் காரணம் எழுதச் சொன்னேன். ஒன்பதில் பாடமே தெரியவில்லை. எட்டில் பாடம் தெரியும், ஆனால் வினாவைப் பிழையாக விளங்கியிருந்தாள். ஆறு வினாக்களுக்கு நேரம் போதவில்லை. மேலதிக மணித்தியாலம் நேரடியாக உதவக்கூடியது அந்த ஒன்பதுக்கு மட்டும். அந்த ஒன்பதும் இரண்டு அலகுகளுக்குள் அடங்கின.

வினாவைப் பிழையாக விளங்கிய எட்டில் பெரும்பாலானவை 41 முதல் 50 வரையான வினாக்கள். அந்தப் பகுதி உங்களுக்குத் தெரியும்: இரண்டு கூற்றுகள் தருவார்கள். இரண்டும் உண்மையா, உண்மையென்றால் இரண்டாவது கூற்று முதலாவதைச் சரியாக விளக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் நானே ஒன்று எழுதுகிறேன். முதலாம் கூற்று: நீரின் கொதிநிலை ஐதரசன் சல்பைட்டின் கொதிநிலையை விட உயர்ந்தது. இரண்டாம் கூற்று: ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு சல்பர்–ஐதரசன் பிணைப்பை விட வலிமையானது. இரண்டும் உண்மை. ஆனால் நீர் கொதிக்கும்போது மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஐதரசன் பிணைப்புகளைத்தான் வெல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டாவது முதலாவதை விளக்கவில்லை. விடை இரண்டாம் தெரிவு. குறிப்பை எத்தனை தடவை வாசித்தவரும் இங்கே முதலாம் தெரிவைப் போட்டுவிடுவார், ஏனென்றால் இரண்டு வசனமும் அவருக்குப் பழக்கமானவை. அந்த மாணவி இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் இந்த வகை வினா பத்துச் செய்து, ‘எது எதனால்’ என்று ஒரு வரி எழுதினாள். அரை மணித்தியாலம்தான் ஆனது. வட்ஸ்அப்பில் எழுதினால் எவரும் மதிக்காத அரை மணித்தியாலம்.

நீங்களும் உங்கள் மூன்று பாடங்களுக்கும் இதைச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முன்பு பார்க்காத வினாத்தாள், முழு நேரம், கைத்தொலைபேசி வேறு அறையில். இரண்டாம் வினாத்தாளை மூன்று மணித்தியாலமும் ஒரே இருப்பில் எழுதுங்கள். 25 நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து ஓய்வெடுக்கும் முறை இப்போது எல்லோரும் சொல்வது. புதிய அலகைத் தொடங்கத் தயங்கும் நாளில் அது உதவும். ஆனால் அதிலேயே பழகிய பிள்ளை மண்டபத்தில் இரண்டாவது மணித்தியாலத்தில் களைத்துப்போவாள். எழுதியதைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்தே திருத்துங்கள், இரக்கம் காட்டாமல். வினாத்தாள்களின் கடினம் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் ஒரு தாளில் புள்ளி இறங்கியதற்குத் திட்டத்தை மாற்ற வேண்டாம். மூன்று தாள்களில் ‘பாடமே தெரியவில்லை’ என்ற வகை குறையவில்லை என்றால், அப்போது மாற்றுங்கள். அதுவரை அட்டவணையைத் தொட வேண்டாம்.

நேரம் போதுமா என்பதற்கும் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் செய்யாமல் போதும் என்று நான் உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். உங்கள் அட்டவணைப்படி வாரத்துக்கு 32 மணித்தியாலம். 20 வாரத்துக்கு 640. காய்ச்சல், தவணைப் பரீட்சை, வீட்டில் ஒரு கல்யாணம் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ஏறக்குறைய 510 மிஞ்சும், பாடத்துக்கு 170. இனி இரசாயனவியலில் நான்கு அலகுகள் இன்னும் சரியாக முடியவில்லை என்று வைப்போம். அலகுக்கு 12 மணித்தியாலம் என்றால் 48. பத்து வருட வினாத்தாள்கள்: ஒரு வருடத்தின் இரண்டு தாள்களையும் எழுத ஐந்து மணித்தியாலம், திருத்திப் பிழைகளைப் பார்க்க இன்னொரு ஐந்து, ஆகப் பத்து வருடத்துக்கும் 100. மொத்தம் 148. உங்கள் 170க்குள் அடங்குகிறது. அலகுகளின் எண்ணிக்கையையும் ஒன்றுக்கு ஆகும் நேரத்தையும் உங்கள் உண்மையான நிலைக்கு மாற்றிப் போடுங்கள். உயிரியலுக்கும் பௌதிகவியலுக்கும் இப்படியே பாருங்கள்.

கணக்கு 230 என்று வந்தால் திட்டம் போதாது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அப்போதும் கைவைக்க வேண்டியது நித்திரையில் அல்ல. கொழும்பில் ஒரே பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்களிடம் போகும் பிள்ளைகள் ஏராளம். ஒருவரிடம் பாடம், இன்னொருவரிடம் மீட்டல். அந்த இரண்டாவது வகுப்பும் கொட்டாஞ்சேனைக்கோ பம்பலப்பிட்டிக்கோ போய்வரும் நேரமும் சேர்ந்தால் வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம் சுலபமாகப் போகும். 20 வாரத்தில் அது 100. முதலில் அங்கே வெட்டுங்கள்.

‘எங்களுக்குள் போட்டிதானே, அவர்கள் எவ்வளவு படிக்கிறார்கள் என்பது என்னைப் பாதிக்காதா?’ என்று நீங்கள் கேட்கலாம். இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியில் இருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களின் புள்ளி சேர்ந்த அந்தச் சராசரியை உங்கள் வகுப்புத் தோழிகள் நால்வர் அசைக்க முடியாது. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி உயரமானது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தாண்ட வேண்டியது உங்கள் புள்ளி. தோழியின் மணித்தியாலம் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

குழுவை விட்டு விலகத் தேவையில்லை, வினாத்தாள்களும் வகுப்பு மாற்றங்களும் அதில்தான் வரும். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை பாருங்கள். யாராவது ‘எத்தனை மணித்தியாலம்?’ என்று கேட்டால், ‘நேற்றைய தாளில் 43ஆவது வினாவுக்கு என்ன விடை போட்டாய்?’ என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தோழி கிடைத்தால் அவரோடு சேர்ந்து படியுங்கள்.

கடைசி இரண்டு வருட வினாத்தாள்களை மட்டும் இப்போது திறக்க வேண்டாம். பரீட்சைக்கு முந்திய மாதத்துக்கு அவை புதிதாக இருக்கட்டும். வரும் சனிக்கிழமை அவற்றுக்கு முந்திய ஒரு தாளில் தொடங்கி, தவறிய வினாக்களின் காரணப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்த அலகில் இருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.