பூட்டிய கடைவீடும் நான்கு குரல்களும்

கேள்வி: "ஐயா, ஜார்ஜ்டவுனில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கடைவீட்டில் பன்னிரண்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். உள்ளே போன நான்கு நண்பர்கள் திரும்பவில்லை, அவர்களுடைய கைப்பேசியில் இருந்த பதிவுதான் படம் என்பது கதை. கேமராவை நன்றாக ஆட்டித்தான் எடுத்தோம். ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் 'நாடகம் போல இருக்கிறது' என்கிறார்கள். மறுபடி எடுக்கப் பணமில்லை. இருப்பதை வைத்து எதைச் சரிசெய்யலாம்?" – வாசகர், பட்டர்வொர்த்

நீங்கள் அனுப்பிய படத்தை முதலில் ஒருமுறை பார்த்தேன். பிறகு திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்டேன். அப்போதே காரணம் தெரிந்துவிட்டது. நான்கு பேரின் குரலும் ஒரே அளவில், காதருகே பேசுவது போல வருகிறது. ஆளுக்கொரு சட்டை மைக் மாட்டியிருக்கிறீர்கள். கைப்பேசியில் கிடைத்த பதிவு என்று படம் சொல்கிறது, ஆனால் காதுக்கு நாடக மேடை கேட்கிறது. பார்ப்பவர்களால் இதைப் பெயர் சொல்லிக் குறை கூற முடியாது. ஏதோ பொய் என்று மட்டும் அவர்கள் உணர்வார்கள்.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் எனப்படும் இந்தக் கண்டெடுத்த பதிவு வகையில் கேமராவுக்கு ஓர் உடல் உண்டு. அது யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு எட்டியது மட்டுமே நமக்குத் தெரிய வேண்டும், கேட்க வேண்டும். ஆட்டம் அந்த உடலின் விளைவு மட்டுமே. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தின் ஆட்டம் நம்பும்படி இருந்ததற்குக் காரணம், நடிகர்களே கேமராவைச் சுமந்துகொண்டு மேரிலாந்துக் காட்டில் நாள்கணக்கில் நடந்ததுதான். வீடியோ கேமரா ஒன்று, 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் பிலிம் கேமரா ஒன்று, இரண்டையும் கதாபாத்திரங்களே இயக்கினார்கள். யாரும் வேண்டுமென்று ஆட்டவில்லை. இன்றைய கைப்பேசிகளோ நடுக்கத்தைத் தாமே பெருமளவு சமன்செய்துவிடுகின்றன. அதனால் உங்கள் படத்தில் நின்று பேசும்போதுகூட வரும் குலுக்கல், கைப்பேசியில் எடுத்தது போலவே இல்லை. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் படுக்கையறையில் முக்காலி மேல் நிற்கும் கேமரா அசைவதே இல்லை, ஆனாலும் நாம் நம்புகிறோம். அந்தக் கேமரா ஏன் அங்கே இருக்கிறது, யார் வைத்தது என்பது நமக்குத் தெரியும். அசைவற்ற அந்தப் படச்சட்டத்தில் எந்த மூலை அசையும் என்று கண் தானே தேடத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே ஒலியிலிருந்து தொடங்குங்கள், அதற்குப் பணம் வேண்டாம். படமெடுத்த கைப்பேசியில் பதிவான மூல ஒலி இன்னும் இருக்கிறதா? இருந்தால் சட்டை மைக் ஒலியை முழுவதும் எடுத்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். சில வசனங்கள் புரியாமல் போகும், போகட்டும். உண்மையான பதிவில் எல்லாம் புரிவதில்லை. கதைக்கு இன்றியமையாத ஒரு வரி புரியவில்லை என்றால் அதற்கு மட்டும் கீழே எழுத்துப் போடுங்கள். போலீசார் கண்டெடுத்த பதிவுக்கு யாரோ எழுத்துச் சேர்த்தது இயல்பாகவே தோன்றும்.

மூல ஒலி அழிந்துவிட்டது என்றால் தூரத்தை நீங்களே உருவாக்க வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலி இருப்பதால் அவ்வளவு குறையாது. கேமரா பிடித்தவர் அரை மீட்டரில் இருக்கிறார், மாடிப்படியில் நிற்பவர் நான்கு மீட்டரில். தூரம் மூன்று முறை இரட்டிப்பாகிறது, அதாவது கணக்குப்படி 18 டெசிபெல். அந்த அறைக்கு 10 முதல் 12 வரை குறைத்துப் பாருங்கள். கூடவே அவர் குரலின் அடித்தொனியையும் கூர்மையையும் கொஞ்சம் வெட்டி, அறையின் எதிரொலியைச் சேருங்கள். கேமரா பிடித்தவரின் குரலும் மூச்சும் கைப்பேசியின் மேல் விரல் உரசும் ஓசையும் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் படத்தில் காட்சி வெட்டுப்படும்போது வெளியே போகும் மோட்டார் சைக்கிளின் ஓசை மட்டும் மெதுவாக அடங்கி அடுத்த காட்சிக்குள் கலக்கிறது. கைப்பேசியை நிறுத்திவிட்டு மீண்டும் பதிவு செய்தால் படமும் ஒலியும் ஒரே கணத்தில் அறுபடும். ஒலி வழிந்தோடினால், மேசையில் அமர்ந்து ஒருவர் அழகுபடுத்தியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். எல்லா வெட்டுகளிலும் ஒலியை முரட்டுத்தனமாகவே அறுங்கள். நான்காம் நிமிடத்தில் தாழ்வாக ஒலிக்கும் இசையையும் எடுத்துவிடுங்கள். அந்த வீட்டில் அதை வாசித்தவர் யார்?

ஒலியால் தீராத சிக்கல் ஏழாம் நிமிடத்தில் இருக்கிறது. இரு நண்பர்கள் சண்டையிடுகிறார்கள். ஒருவர் முகம், மற்றவர் முகம் என்று மாறி மாறி வருகிறது. இருப்பதோ ஒரே கைப்பேசி! இரண்டாவது கோணத்திலிருந்து எடுத்தது யார் என்ற கேள்வி வந்த நொடியே வீட்டுக்குள் ஐந்தாவதாக ஒரு படக்குழு நிற்பது தெரிந்துவிடும். உங்களிடம் உள்ள நீண்ட காட்சித் துண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரின் குரல் படச்சட்டத்துக்கு வெளியிலிருந்து வரட்டும். முகம் தெரியாத கோபம் இன்னும் கனமாக விழும்.

தொடக்கத்தில் வரும் பக்கத்துக் கடைப் பெரியவரின் பேட்டி போலி ஆவணப்பட முறையைச் சேர்ந்தது. அங்கே தவறு வேறு வகை. அவர் எழுதிக்கொடுத்ததை மனப்பாடமாகச் சொல்கிறார், ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. உண்மையில் பேசுபவர் ஆண்டைத் தவறாகச் சொல்லித் திருத்துவார், கேள்வி கேட்டவர் பக்கம் பார்ப்பார், பாதியில் நிறுத்துவார். 'திஸ் இஸ் ஸ்பைனல் டேப்', ஆஸ்திரேலியாவின் 'லேக் முங்கோ' ஆகிய இரண்டு போலி ஆவணப்படங்களிலும் நடிகர்களுக்குக் கதைச் சுருக்கம் இருந்தது, உரையாடலைப் பெரும்பாலும் அவர்களே உருவாக்கினார்கள். இந்தப் பகுதியை மறுபடி எடுக்கப் பணம் தேவையில்லை, ஒரு மாலைப்பொழுது போதும். அவரிடம் ஐந்து செய்திகளை மட்டும் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் கேள்வி கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதிலிருந்து ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் கேள்விகளில் ஒன்றிரண்டையும் விட்டுவையுங்கள்.

கடைசிக் காட்சிதான் இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் கவிழும் இடம். மூவரும் மறைந்த பிறகு நான்காமவர் நாற்பது நொடி ஓடிக்கொண்டே படமெடுக்கிறார். கைப்பேசியை எறிந்துவிட்டு ஏன் ஓடவில்லை? ஸ்பெயினில் 2007இல் வந்த 'ரெக்' படம் இதற்கு நல்ல விடை கண்டது. இறுதியில் கேமராவின் விளக்கு போய்விடுகிறது, இரவுப் பார்வை வசதி வழியாகத்தான் ஏதாவது தெரியும். கேமராவைக் கீழே வைத்தால் கதாபாத்திரங்கள் குருடாகிவிடுவார்கள். உங்கள் படத்திலும் கைப்பேசியின் விளக்கு எரிகிறது, ஆனால் அதுதான் இருக்கும் ஒரே வெளிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. ஒன்பதாம் நிமிடத்தில், முகம் தெரியாத இடத்தில், "என் டார்ச் போய்விட்டது, உன் கைப்பேசி விளக்கை அணைக்காதே" என்று ஒரு வரியைச் சேருங்கள். அதை ஒலிப்பதிவு அறையில் பேச வைக்காதீர்கள். மரப்படி உள்ள ஒரு பழைய வீட்டில், படிக்கட்டின் மேலிருந்து அவர் பேச, கீழே நெஞ்சுயரத்தில் அதே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.