கடன் கொடுத்தவர்கள் எதிரே நிற்கும்போது

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் காக்கி புக்கிட்டில் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை திறக்கிறேன். பன்னிரண்டு வருடம் ஒரு சீனத் தவுக்கேயிடம் மெக்கானிக்காக இருந்தேன். திறப்பு விழாவுக்கு அவரும் வருகிறார். வங்கிக் கடன் 60,000 வெள்ளி, அதற்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பெரிய மாமா 20,000 கைமாற்றாகத் தந்தார். மனைவியின் நகை அடகுக்கடையில் இருக்கிறது. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் 8,000 கொடுத்துவிட்டு மாதம் நூறு வெள்ளி வாங்கிக்கொள்கிறார். திறப்பு விழாவில் மூன்று நிமிடம் பேச வேண்டும். எழுதியதை இணைத்திருக்கிறேன். யாரையும் விட்டுவிடக் கூடாது, கடன் கொடுத்தவர்களுக்குக் கண்டிப்பாக நன்றி சொல்ல வேண்டும். திருத்திக் கொடுங்கள்.

எம்., உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள எம்.,

உங்கள் நான்கு பக்கத்தையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன். பதினொரு நிமிடம் ஆனது. முப்பத்தெட்டுப் பேருக்கு நன்றி, அதில் பெயின்ட் அடித்தவரும் உண்டு, பெயின்ட் வாங்கப் போனபோது லாரி கொடுத்தவரும் உண்டு. ஷட்டருக்கு முன்னால் நாற்காலி இல்லாமல் நிற்பவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் ஓடுவதில்லை. இடையில் கைதட்டுவார்கள், உங்களுக்கும் தொண்டை கட்டும். ஆகவே 200 சொல்லுக்குள் நில்லுங்கள். அந்த முப்பத்தெட்டுப் பேரில் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டு மேசையருகே தோளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நீளம் பெரிய குறை இல்லை, வெட்டிவிடலாம். என்னைக் கவலைப்படுத்தியது இரண்டாம் பக்கம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று தொகையோடு வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் என் தம்பி ஒரு தச்சுப் பட்டறை திறந்தான். அன்றைய உரையை எழுதிக் கொடுத்தவன் நான். “சித்தப்பா முப்பதாயிரம் வெள்ளியைக் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்” என்று ஒரு வரி. எனக்கு அது பிடித்திருந்தது, அந்தக் ‘கணக்குப் பார்க்காமல்’ ரொம்பவே பிடித்திருந்தது. தம்பி அதைச் சொன்னபோது நான் சித்தியின் பக்கத்தில் நின்றேன். அவர் கையில் கேசரி வைத்த காகிதத் தட்டு இருந்தது. தட்டின் விளிம்பு மெல்ல மடங்கி, கேசரி ஒரு பக்கமாகச் சரிந்தது. அவருக்கு முப்பதாயிரம் பற்றித் தெரியாது. அன்று மாலையே சித்தப்பாவின் இன்னொரு அண்ணன் மகன், “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று போன் செய்தானாம். சித்தப்பா என்னிடம் கோபப்படவில்லை. ஆனால் அடுத்த இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கொடுத்த பணத்தைப் பற்றி ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதைக் கொடுத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கியவருக்கு நன்றி பொங்குகிறது என்பதற்காக அந்த உரிமை கை மாறாது. ஆகவே பெரிய மாமாவை முன்கூட்டியே கூப்பிட்டுக் கேளுங்கள். “உங்க பேரைச் சொல்லலாமா மாமா?” என்றால், “அதெல்லாம் எதுக்குப்பா” என்பார். அது அடக்கமா, உண்மையான மறுப்பா என்று போனில் தெரியாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். எனவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “மாமிக்குத் தெரியுமா மாமா?” பதில் வரக் கொஞ்சம் தாமதமானாலே பெயரை எடுத்துவிடுங்கள். அவர் சம்மதித்தாலும் தொகை வேண்டாம்.

நண்பர் விஷயத்தில் கேட்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். “நியாயமான வட்டிக்குக் கொடுத்து உதவிய” என்று மனமாரத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சிங்கப்பூரில் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெறுவதாகப் பேசிக்கொண்டு ஒருவர் கடன் கொடுத்தால், அவர் கடன் தொழில் செய்பவர் என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் வேலை கொடுத்தவர் தலையில். உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். வழக்கு வரும் என்று பயமுறுத்தவில்லை. ஐம்பது பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற இடத்தில் அவரை அந்த நிலைக்குத் தள்ளுவானேன்? அந்த நூறு வெள்ளி ஏற்பாட்டைப் பற்றி நீங்கள் இருவரும் தனியே ஒரு வக்கீலிடம் கேட்பதும் நல்லது. மேடையில் அவர் ‘கூட வேலை பார்த்த நண்பர்’, அவ்வளவுதான்.

மூன்றாம் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். “உங்கள் கடனை இந்த ஜென்மத்தில் என்னால் தீர்க்க முடியாது” என்பது ஒன்று. அம்மாவைப் பார்த்துச் சொன்னால் கண் கலங்கும். நீங்கள் திரும்பிப் பார்த்துச் சொல்லப்போவதோ 20,000 கொடுத்த மாமாவையும் வங்கிக்காரரையும். சிரிப்பு வரும், அதில் ஒருவர் சிரிக்க மாட்டார். ‘இது என் பட்டறை இல்லை, உங்கள் எல்லாருடைய பட்டறை’ என்பது இன்னொன்று. கடன் கொடுத்தவர் வேறு, பங்குதாரர் வேறு. கடன் கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டியது அசல், பேசியிருந்தால் வட்டியும். பங்குதாரருக்கு லாபத்தில் பாத்தியதை உண்டு. இரண்டு வருடம் கழித்து வியாபாரம் சூடுபிடித்ததும், “அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொன்னியே” என்று ஒருவர் ஆரம்பிப்பார். இப்படி ஆரம்பித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணனுக்கு வருகிறேன். மாமாவுக்கு ஒன்பது வரி, அண்ணனுக்கு அரை வரி கொடுத்திருக்கிறீர்கள். பணம் கைக்கு வந்தது மாமாவிடமிருந்து, அண்ணன் கொடுத்தது வெறும் கையெழுத்து என்ற கணக்காக இருக்கலாம். மாமாவின் இழப்பு எப்படிப் போனாலும் 20,000-தோடு நிற்கும், அதுவும் அவர் ஏற்கெனவே மனத்தளவில் விட்டுக்கொடுத்த தொகை. நீங்கள் தவணை தவறினால் வங்கி அண்ணனிடம் வரும். அவருடைய சேமிப்பு, அவர் நாளை தன் வீட்டுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ வாங்க நினைக்கும் கடன் எல்லாவற்றின் மேலும் அந்தக் கையெழுத்து உட்கார்ந்திருக்கிறது. கடன் அடைந்து முடியும்வரை அது அப்படியேதான் இருக்கும். உங்கள் உரையின் நடு அவர்தான். அவர் பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் வைத்துப் படித்தார் என்று முதல் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான்கு பக்கத்திலும் நல்ல வரி அதுதான். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். ‘தொழில் படுத்தால் அண்ணன் மாட்டிக்கொள்வார்’ என்ற பாதியைச் சொல்லாதீர்கள். விளக்கேற்றிய கையோடு அந்தப் பேச்சு வந்தால் பெரியவர்கள் முகம் மாறும்.

மனைவியின் நகை. “கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள்” என்று பேசினால் கைதட்டல் நிச்சயம். கைதட்டுகிற எல்லாரும் அப்போது அவர் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். அவருடைய அம்மாவும் அங்கே நிற்பார். அடகுச் சீட்டுக்கு இங்கே ஆறு மாதக் கெடு, மாதம் 1.5 சதவீதம்வரை வட்டி வாங்கலாம். மீட்கிற நாளோ புதுப்பிக்கிற நாளோ வரும்போது அது உங்கள் இருவர் விஷயமாக இருக்கட்டும். இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் எழுதுவது அவர்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள், தலை நிமிர்ந்து கேட்பார்.

வங்கிக்கு ஒரே வரி. அது வியாபாரம், அவர்களுக்கும் அது தெரியும். தவுக்கேக்கு அவர் மொழியிலோ ஆங்கிலத்திலோ நேராகப் பேசுங்கள். வாடிக்கையாளர் என்ற சொல்லே அந்தப் பகுதியில் வர வேண்டாம், அவருடைய வாடிக்கையாளர் யாரையும் நீங்கள் உங்களோடு அழைத்துக்கொண்டு வரவில்லை என்றாலும் சரி.

உங்கள் சரக்கைக் கொண்டே எழுதிப் பார்த்தேன்:

“எல்லாருக்கும் வணக்கம். வெயில்ல நிக்கிறீங்க, சுருக்கமா சொல்லிடறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு செயின் மாத்தத் தெரியும், எஞ்சின் பிரிக்கத் தெரியாது. பிரிக்கக் கத்துக்கொடுத்தவர் இங்க நிக்கிறார். பாஸ், தேங்க் யூ. யூ டீச் மீ எவ்ரிதிங்.

அம்மா, நான் கிரீஸ் கையோட வீட்டுக்கு வந்தப்போ ஒருநாளும் நீங்க முகம் சுளிச்சதில்ல.

வங்கிக் கடனுக்கு அண்ணன் கையெழுத்துப் போட்டார். உடனே போடல. பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் படிச்சார். படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு போட்டார். அண்ணி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், அந்த ரெண்டு நாளை நான் மறக்க மாட்டேன்.

கை கொடுத்த சொந்தக்காரங்க, கூட வேலை பார்த்த நண்பர்கள், யார் யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சொன்ன தேதியில நான் உங்க வீட்டுக்கு வருவேன். எங்களை நம்பிக் கடன் கொடுத்த வங்கிக்கும் நன்றி.

இந்தப் பட்டறைக்கு நான் மெக்கானிக். கணக்கு எழுதறது என் மனைவி. பில் தப்பா இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, வண்டி சத்தம் போட்டா என்கிட்ட வாங்க.

அம்மா ஷட்டரைத் தூக்குவாங்க. அப்புறம் எல்லாரும் சாப்பிடணும்.”

நூற்றைம்பது சொல்லுக்குள் வரும். ‘சொன்ன தேதியில’ என்ற இடத்தைக் கவனியுங்கள். கடன் கொடுத்தவர் எதிர்பார்ப்பது அந்த ஒரு வார்த்தையைத்தான். ஆனால் ஒவ்வொருவரிடமும் உண்மையிலேயே ஒரு தேதி சொல்லியிருந்தால்தான் அந்த வரி நிற்கும். மாமாவிடம், “முடிஞ்சப்போ தரேன்” என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள் என்றால் வரியை எடுத்துவிடுங்கள், அல்லது விழாவுக்கு முன் தேதியைப் பேசிவிடுங்கள். அப்படியே எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள், அரைத் தாள் போதும்: தொகை, தேதி, இரண்டு கையெழுத்து.

பேசத் தொடங்குமுன் கம்ப்ரெஸரை அணைக்கச் சொல்லுங்கள். காற்று குறையும்போது அது தானாக ஓடத் தொடங்கும், சரியாக அம்மாவைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் தொடங்கும். பூசணிக்காய் உடைப்பதாக இருந்தால் பேச்சுக்குப் பிறகு வைத்துக்கொண்டு, துடைப்பமும் குப்பைப் பையும் தயாராக வையுங்கள். அந்த நடைபாதை பக்கத்து யூனிட்காரர்களுக்கும் பொது. அம்மாவால் ஷட்டர் சங்கிலியை இழுக்க முடியுமா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் பாதி தூக்கி வைத்துவிட்டு மீதியை அவரிடம் விடலாம்.

அன்புடன்.