நாலு பேர் கடைக்கு வார விடுமுறை அட்டவணை

"மளிகைக் கடையில் நாலு பேர். சனி, ஞாயிறு கூட்டம் அள்ளும், செவ்வாய் ஈ ஓட்டுகிறோம். லீவை எப்படிப் பிரிப்பது?"

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என நாளுக்கு ஒருவருக்கு லீவு கொடுங்கள். வியாழன் முதல் சனி வரை நாலு பேரும் இருப்பார்கள். ஞாயிறு மட்டும் நீங்களே கல்லாவில் உட்கார வேண்டும். சிரமம்தான், ஆனால் ஞாயிறு லீவே கிடைக்காதவர் சீக்கிரம் வேறு கடை பார்ப்பார்.

அப்புறம் வாராவாரம் லீவை ஒருநாள் முன்னோக்கி நகர்த்துங்கள்: இந்த வாரம் ஞாயிறு என்றால் அடுத்த வாரம் திங்கள். புதன் முடிந்ததும் மறுபடி ஞாயிறு. தொடர்ச்சியாக அதிகபட்சம் ஏழு நாள் வேலை வரும். பின்னோக்கி, அதாவது புதன், செவ்வாய் என்று நகர்த்தினால், ஞாயிறிலிருந்து அடுத்த வாரப் புதனுக்குத் தாவும்போது ஒருவர் ஒன்பது நாள் விடாமல் நிற்பார்.